மெதுவாகச் சுற்றும் ஃபேன்: ரிப்பேர் வீடியோவில் எந்தக் காட்சிக்கு என்ன லேபிள்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்றுகிறோம். அதை வீடியோவாக எடுக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. பழுது வந்ததும் யாரும் கேமராவைத் தேடுவதில்லை, காற்றுக்குத்தான் வழி பார்ப்பார்கள். புது கண்டன்சர் போட்டு ஃபேன் நன்றாக ஓடிய பிறகுதான் வீடியோ எடுக்கலாம் என்று தோன்றும். அப்போது "முன்பு" காட்சி கையில் இருக்காது, திரும்ப உருவாக்கித்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஏணி மேல் அரை மணி நேரம் நடந்த வேலையை வேகமாக ஓட்ட வேண்டும். மீட்டர் காட்சியைப் பிறகு மேசையில் வைத்து எடுக்க வேண்டும். இவற்றில் எதுவும் தவறில்லை. பார்ப்பவர் இவற்றை ஒரே மூச்சில் நடந்ததாக எடுத்துக்கொள்கிறாரே, அதுதான் பிரச்சினை. அதை நம்பி அவரும் தன் வீட்டில் ஏணி ஏறுவார்.

இங்கே எடுத்துக்கொள்வது எட்டு நிமிட வீடியோ ஒன்று. 1200 மி.மீ. மூன்று இறக்கை ஃபேன். கண்டன்சர் மேல் எழுதியிருப்பது 2.5 மைக்ரோ ஃபாரட், மீட்டரில் வந்தது 1.3. எந்தெந்தக் காட்சிக்கு, அது எப்படி எடுத்தது என்று திரையிலேயே சொல்லும் லேபிள் தேவைப்பட்டது, அதில் என்ன எழுத வேண்டியிருந்தது, எழுதியதை எப்படி வீடியோவில் பதித்தது என்பதே இந்தப் பதிவு.

"முன்பு" காட்சியை எதை வைத்து உருவாக்கினீர்கள்?

நல்ல ஃபேனை மெதுவாக ஓடச் செய்ய மூன்று வழிகள் உண்டு. கழற்றிய அதே பழைய கண்டன்சரைத் திரும்ப மாட்டலாம். கையில் கிடக்கும் வேறொரு செத்த கண்டன்சரை மாட்டலாம். ரெகுலேட்டரை இரண்டில் வைத்துவிடலாம். திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

பழைய கண்டன்சரையே மாட்டி எடுத்தால் காட்டுவது அதே பழுதைத்தான். நாள் மட்டும் வேறு. அதற்கு "மறுபதிவு: பழைய கண்டன்சரைத் திரும்ப மாட்டி எடுத்தது" என்ற லேபிள் போதும். வேறு கண்டன்சர் என்றால் பழுதின் வகை சரி, பொருள் வேறு. அதன் அளவையும் சேர்த்து "மறுபதிவு: வேறு கண்டன்சர், 1.1 மைக்ரோ ஃபாரட்" என்று எழுத வேண்டும். அளவு குறையக் குறைய ஃபேன் இன்னும் மெதுவாக ஓடும் என்பதால், அதை மறைத்தால் பழுது இருந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். ரெகுலேட்டரைக் குறைத்து எடுத்த காட்சியை லேபிள் போட்டும் பயன்படுத்தக் கூடாது என்பதே எங்கள் முடிவு. கண்டன்சர் பழுதால் ஃபேன் எப்படி ஓடும் என்று சொல்லும் இடத்தில் கண்டன்சருக்குத் தொடர்பே இல்லாத ஒன்றைக் காட்டுகிறோம். உண்மையில் கண்டன்சர் போன ஃபேன், சுவிட்சைப் போட்டதும் கிளம்பவே தயங்கும், முனகும், சில நேரம் கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும். ரெகுலேட்டரைக் குறைத்த ஃபேனிடம் அந்தத் தயக்கம் இருக்காது. வீட்டில் அடையாளம் பார்க்கிறவருக்கு வேண்டியதே அதுதான்.

பழுதைச் செயற்கையாக உண்டாக்கிவிட்டுச் சொல்லாமல் விட்டதற்குத் தெரிந்த உதாரணம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருக்கிறது. 1992 நவம்பரில் என்.பி.சி.யின் "டேட்லைன்" நிகழ்ச்சி, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் லாரி பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிப்பதாக ஒரு சோதனையைக் காட்டியது. தீ நிச்சயம் பிடிக்க வேண்டும் என்று லாரிக்கு அடியில் பொம்மை ராக்கெட்டுக்கான எரிபொருள் குழல்களைக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்வையாளருக்குச் சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வழக்குப் போட்டது, 1993 பிப்ரவரியில் என்.பி.சி. அதே நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டது. தீ பிடித்தது பொய்யல்ல. எதனால் பிடித்தது என்பது மறைந்துபோனது. ரெகுலேட்டரைக் குறைத்து "கண்டன்சர் போச்சு" என்று காட்டுவதும் இதே வகைதான், அளவுதான் சிறியது.

பழைய கண்டன்சர் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ வீடியோவுக்காக அதைத் திரும்ப மாட்ட வேண்டாம். அந்த இடத்தில் கண்டன்சரின் புகைப்படத்தை வைத்து, "இந்தக் கட்டம் படமாக்கப்படவில்லை" என்று எழுதி, ஃபேன் எப்படி ஓடியது என்று வாயால் சொல்லிவிட்டால் போதும்.

வோல்டேஜும் லேபிளில் வர வேண்டும்

இரண்டு காட்சிகளை அருகருகே வைத்து "முன்பு, பின்பு" என்றால், நடுவில் மாறியது கண்டன்சர் மட்டும்தான் என்று சொல்லாமலே சொல்கிறோம். அது உண்மையாக இருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குத் தெருவே ஏ.சி. போட்டிருக்கும் நேரத்தில் 195 வோல்ட் வருகிற வீட்டில், காலை பத்து மணிக்கு 235 வரலாம். முன்பு காட்சியை மாலையிலும் பின்பு காட்சியைக் காலையிலும் எடுத்தால், வேக வித்தியாசத்தில் ஒரு பங்கு மின்வாரியத்தைச் சேரும், கண்டன்சரைச் சேராது. பழைய ஃபேனுக்கு பேரிங்கையும் அதோடு மாற்றியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

பிளக்கில் செருகும் சிறிய டிஜிட்டல் வோல்ட் மீட்டரை ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்து சாக்கெட்டில் மாட்டி, இரண்டு காட்சியின் தொடக்கத்திலும் ஒருமுறை அதைக் காட்டிவிட்டு கேமராவை மேலே திருப்பவும். நடுவே வெட்டு வேண்டாம். இந்த வீடியோவில் பின்பு காட்சியை முதலில் எடுத்து, பழைய கண்டன்சரை மாட்டி முன்பு காட்சியை எடுத்தது, பத்து நிமிட இடைவெளியில். மீட்டர் முதலில் 232, பிறகு 231 காட்டியது. வரிசை தலைகீழ் என்பதையும் லேபிள் சொல்ல வேண்டும்: "பழுது பார்த்த பிறகு எடுத்தது, 231 வோல்ட்".

எடிட் செய்யாத காட்சியும் தவறாகக் காட்டும்

ஃபேன் வீடியோவில் பலர் கவனிக்காத இடம் இதுதான். போன் கேமரா வழக்கமாக விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் ஃபேன் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 40 டிகிரி நகரும். மூன்று இறக்கைகளுக்கு இடையே 120 டிகிரி இருப்பதால் 40 டிகிரி நகர்வைக் கண் சரியாகப் பின்தொடரும், ஃபேன் முன்னோக்கி ஓடுவதாகவே தெரியும். புது கண்டன்சர் போட்டு 360 சுற்று வந்துவிட்டால் நகர்வு 72 டிகிரி. இப்போது ஒவ்வோர் இறக்கைக்கும் அருகில் வந்து நிற்பது, அதற்குப் பின்னால் வந்த இறக்கை. 48 டிகிரி பின்னோக்கிப் போனதாகத்தான் கண் படிக்கும். அதாவது சரியாகிவிட்ட ஃபேன், திரையில் 240 சுற்றில் தலைகீழாக ஓடும். பகல் வெளிச்சத்தில் போனின் ஷட்டர் வேகம் ஏறி இறக்கைகள் துல்லியமாக விழும்போது இது இன்னும் பளிச்சென்று தெரியும். ரெகுலேட்டரில் 300 சுற்றுக்கு வைத்தால் ஆறு இறக்கை உள்ள ஃபேன்போலவே இருக்கும்.

இதைப் பார்த்ததும் எடிட் செய்கிறவருக்கு, பின்பு காட்சியை மட்டும் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடலாமே என்று கை போகும். "நிஜத்தில் வேகமாகத்தானே ஓடியது, திரையிலும் அப்படித் தெரியட்டும்" என்ற நியாயம் வேறு. அதைச் செய்யக் கூடாது. பின்னணியில் அசையும் திரைச்சீலையும் சேர்ந்து வேகமாகும், பார்ப்பவர் கண்டுபிடிப்பார், மொத்த வீடியோ மேலும் நம்பிக்கை போய்விடும்.

நேரான வழி இரண்டு. ஓர் இறக்கையின் அடிப்பக்கம் நான்கு அங்குல நீளத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஒரே இறக்கையில் அடையாளம் இருந்தால், 72 டிகிரி நகர்வைக் கண் சரியான திசையிலேயே படிக்கும். மற்ற இறக்கைகள் பின்னோக்கி ஓடுவதாகத் தெரிந்தாலும் சிவப்பு முன்னோக்கித்தான் போகும். இரண்டாவது, விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் ஒரு துண்டு எடுத்து, சிவப்பு டேப் ஒரு சுற்று வர எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். 240ஐ அந்த எண்ணால் வகுத்து 60ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று. இந்த ஃபேனுக்கு முன்பு 72 படம், பின்பு 40 படம். அதாவது 200 சுற்றும் 360 சுற்றும். இந்த எண்ணைத் திரையில் போட்டு, "சுற்றும் திசை கேமராவால் மாறித் தெரிகிறது. அளந்தது: 360" என்று எழுதினால் யாரும் குழம்ப மாட்டார்கள். ஸ்லோ மோஷன் துண்டுக்கும் "8 மடங்கு மெதுவாக" என்ற லேபிள் வேண்டும். வேகப்படுத்தியதைச் சொல்கிறவர்கள்கூட மெதுவாக்கியதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வேகமாக ஓட்டிய பகுதி

ஏணி மேல் கப்பை இறக்கி, வயரைப் பிரித்து, கண்டன்சரை மாற்றியதன் முழுப் பதிவு 30 நிமிடம். அதில் 6 நிமிடம் ஸ்குரூ தேடி அலைந்தது, அதை வெட்டியாயிற்று. மீதி 24 நிமிடம் 8 மடங்கு வேகத்தில் 3 நிமிடமாக வந்தது. கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் `ffmpeg` என்ற மென்பொருளில் அதற்கு ஓட்டியது இது:

```
ffmpeg -i ladder.mp4 -vf "setpts=PTS/8" -r 30 -an ladder_8x.mp4
```

லேபிளில் "8x" என்று மட்டும் போட்டால் பெரும்பாலோருக்கு அது ஒன்றும் சொல்லாது. பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது, தனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. "24 நிமிட வேலை, 3 நிமிடத்தில்" என்று எழுதுவதே பயன்படும். வெட்டிய இடத்தை வேகமாக்கிய இடத்தோடு கலக்கவும் கூடாது. வெட்டு வரும் நொடியில் "இங்கே 6 நிமிடம் வெட்டியது" என்று தனியாக வர வேண்டும்.

போனின் டைம்லாப்ஸ் மோடில் எடுத்தால் எத்தனை மடங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். பதிவு நீள நீள, படத்துக்குப் படம் இடைவெளியைத் தானே கூட்டிக்கொள்ளும் போன்கள் உண்டு. சுவர்க் கடிகாரம் ஒன்று காட்சிக்குள் இருக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அது காட்டும் நேரத்தின் வித்தியாசத்தை எடுத்து எழுதினால் பிழை வராது. ஒரே பகுதியில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டியிருந்தாலும் இதுவே வழி.

சில கட்டங்களை வேகமாக ஓட்டவே கூடாது. எம்.சி.பி.யை இறக்குவது, டெஸ்டர் வைத்து லைன் இல்லை என்று பார்ப்பது, கண்டன்சரின் இரு முனைகளுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இரண்டு விநாடி வைத்து மின்னேற்றத்தை இறக்குவது, இந்த மூன்றும் நிஜ வேகத்திலேயே வர வேண்டும். 8 மடங்கில் ரெசிஸ்டர் வைக்கும் காட்சி கால் விநாடி. பார்ப்பவர் கண்ணில் அது படாது, அப்படி ஒரு படி இருப்பதே தெரியாமல் போகும். லேபிள் இதைச் சரிசெய்யாது. வேகமான பகுதிக்கு நடுவில் இவை வரும்போது "நிஜ வேகம்" என்று ஒரு லேபிளைப் போட்டால், கண் தானாக நின்று பார்க்கும்.

மேசையில் எடுத்த நெருக்கக் காட்சிகள்

ஏணி மேல் நின்றுகொண்டு மீட்டரைத் துல்லியமாகப் படம் பிடிக்க முடியாது. கீழே கொண்டுவந்து எடுப்பதுதான் வழக்கம். கண்டன்சர் அதுவேதான் என்றால் "பிறகு மேசையில் எடுத்தது, அதே கண்டன்சர்" என்று எழுதினால் முடிந்தது. அதைப் பார்ப்பவரும் சரிபார்க்கும்படி செய்ய வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன்பே கண்டன்சர் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஏணிக் காட்சியிலும் மேசைக் காட்சியிலும் அந்தக் கோடு தெரியும்படி எடுக்கலாம். இரண்டு நிமிட வேலை, எந்த லேபிளையும்விட வலுவானது. அளந்த அன்று மீட்டர் 1.3 காட்டி, வீடியோ எடுக்கும் அன்று 1.4 காட்டினால், வாயால் 1.3 என்று சொல்லிக்கொண்டு திரையில் 1.4 காட்ட வேண்டாம். திரையில் தெரிவதையே சொல்லிவிடுங்கள்.

ஒலியும் சாட்சிதான். முனகல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் பேரிங்கா கண்டன்சரா என்று வீட்டில் இருப்பவர் முடிவு செய்கிறார். முன்பு, பின்பு காட்சிகளில் பாட்டு வேண்டாம், அதே காட்சியின் ஒலியே இருக்கட்டும். வேகமான பகுதிக்கு ஸ்குரூ சத்தம் தனியாகச் சேர்த்திருந்தால் "ஒலி பின்னர் சேர்த்தது" என்று ஒருமுறை காட்டினால் போதும்.

எழுத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக

லேபிள் காட்சி தொடங்கும்போது வந்து, காட்சி முடியும் வரை நிற்க வேண்டும். மூன்று விநாடி காட்டிவிட்டு எடுத்துவிட்டால், நடுவில் தள்ளிப் பார்ப்பவருக்குப் போய்ச் சேராது. வாட்ஸ்அப்பில் பத்து விநாடியை வெட்டி அனுப்புபவர் கையிலும் அது இருக்காது. டிஸ்கிரிப்ஷனில் எழுதுவதும் இதனால்தான் போதாது. பி.பி.சி. 2011ல் ஒளிபரப்பிய "ஃப்ரோசன் பிளானட்" தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் பிறந்த குகைக் காட்சி, நெதர்லாந்தின் ஒரு விலங்குக் காட்சிச் சாலையில் எடுத்தது. அந்தத் தகவல் அவர்களுடைய இணையதளத்தில் இருந்தது. நிகழ்ச்சியில் சொல்லவில்லை. எல்லாரும் அதை ஆர்க்டிக் என்றே நம்பினார்கள், பிறகு பெரிய சர்ச்சையானது.

அதற்காக வீடியோ முழுக்க ஒரே வாக்கியத்தை மூலையில் ஒட்டிவைப்பதும் பயனில்லை. செய்தி சேனல்களில் "சித்தரிக்கப்பட்டது", "கோப்புப் படம்" என்று வருவதைப் பார்த்துப் பழகிய கண், எந்தக் காட்சிக்கு அது என்று தெரியாவிட்டால் கவனிக்காமல் தாண்டிப் போகும்.

இடம், மேலே நடுவில். கீழே சப்டைட்டிலும் செயலியின் பட்டன்களும் மறைக்கும். மூலையில் வைத்தால், வீடியோவை நெடுக்காக வெட்டி ஷார்ட்ஸாகப் போடும்போது லேபிள்தான் முதலில் காணாமல் போகும். 1920க்கு 1080 வீடியோவை அப்படி வெட்டினால் நடுவில் மிஞ்சும் அகலம் 608 பிக்சல்தான். எழுத்து அந்த 600க்குள் அடங்கும்படி இரண்டு வரியாக உடைத்துக்கொள்ளவும். எழுத்தின் அளவு 54க்குக் குறைய வேண்டாம். போனைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கும்போது வீடியோவின் உயரம் நான்கு சென்டிமீட்டர் அளவுதான். அதில் 54 பிக்சல் என்பது இரண்டு மில்லிமீட்டர்.

பதிப்பதில் தமிழுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. வீடியோ மேல் எழுத்துப் போடும் `ffmpeg`இன் `drawtext` வசதிக்குப் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. "மெதுவாக" என்று கொடுத்தால் கொம்பு "ம"வுக்குப் பின்னால் போய் நிற்கும், "பொ" மூன்றாக உடையும். அதே எழுத்தை `ass` என்ற சப்டைட்டில் கோப்பில் எழுதிப் பதித்தால் சரியாக வரும்.

```
[Script Info]
ScriptType: v4.00+
PlayResX: 1920
PlayResY: 1080

[V4+ Styles]
Format: Name, Fontname, Fontsize, PrimaryColour, OutlineColour, BorderStyle, Outline, Alignment, MarginL, MarginR, MarginV
Style: L,Noto Sans Tamil,54,&H00FFFFFF,&H00000000,3,10,8,660,660,60

[Events]
Format: Layer, Start, End, Style, Text
Dialogue: 0,0:00:12.00,0:00:31.00,L,மறுபதிவு: பழைய\Nகண்டன்சர், 231 V
Dialogue: 0,0:01:40.00,0:04:40.00,L,24 நிமிட வேலை,\N3 நிமிடத்தில்
```

```
ffmpeg -i fan.mp4 -vf "ass=labels.ass" -c:a copy fan_final.mp4
```

`Alignment` 8 என்பது மேலே நடு. `BorderStyle` 3 எழுத்துக்குப் பின்னால் கருப்புக் கட்டம் போடும். வெள்ளைச் சீலிங் மேல் வெள்ளை எழுத்து மறைந்துபோகாமல் இருக்க அது கட்டாயம். கோப்பை `UTF-8`இல் சேமிக்கவும். ஓடும்போது திரையில் `fontselect` என்று ஒரு வரி வரும். அதில் வேறு ஃபான்ட் பெயர் தெரிந்தால் நீங்கள் கேட்ட ஃபான்ட் கணினியில் இல்லை என்று அர்த்தம், அகலம் மாறி வரி உடையலாம்.

பதித்த பிறகு, ஒலியை அணைத்துவிட்டு, போனில், வீடியோவின் நடுவிலிருந்து ஏதாவது பத்து விநாடியை வீடியோவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டி, "இது எப்போது எடுத்தது, நிஜ வேகமா" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் லேபிள் வேலை செய்யவில்லை. எழுத்து சிறியதா, வாக்கியம் நீளமா என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு வரிக்குள் உண்மையைச் சொல்ல முடியாத காட்சி ஒன்று மிஞ்சினால், பெரும்பாலும் அது திரும்ப எடுக்க வேண்டிய காட்சி.

ஏற்றிய பிறகு ஒரு லேபிள் விடுபட்டது தெரிந்தால், யூடியூபில் அதே முகவரியில் கோப்பை மட்டும் மாற்ற முடியாது. டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி சேர்ப்பதோடு விடாமல், யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் போய் அந்தக் காட்சியை வெட்டி எடுத்துவிடலாம். பார்வை எண்ணிக்கையும் முகவரியும் அப்படியே இருக்கும். வெட்டினால் வீடியோவே புரியாது என்கிற அளவுக்கு அது முக்கியமான காட்சி என்றால், இறக்கிவிட்டு லேபிளோடு புதிதாக ஏற்றுங்கள்.